வாந்தியால் தவறிய உணவுச் சுகாதாரத் தேர்வு: தேர்வாளருக்கு எப்படி எழுதுவது?

புதுக்கரண்டி | ஏப்ரல் 10, இரவு 9.40

சமையற்கூடம் ஒன்றில் பயிற்சியில் இருக்கிறேன். 8ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு உணவுச் சுகாதாரத் தேர்வு. முதலில் எழுத்துத் தேர்வு, அது முடிந்ததும் அதே கட்டடத்துச் சமையற்கூடத்தில் செய்முறைத் தேர்வு. ஞாயிறு இரவு 11 மணிக்கு எனக்கு வாந்தி பிடித்துக்கொண்டது. பிறகு வயிற்றுப்போக்கு. திங்கள் மாலை 6 மணியோடு நின்றது. செவ்வாய் காலை எழுந்தபோது சோர்வு மட்டும்தான். ஆனாலும் நான் தேர்வுக்குப் போகவில்லை.

தேர்வாளருக்கு எழுதி வைத்திருக்கும் கடிதம் இது:

"மதிப்பிற்குரிய ஐயா, எதிர்பாராத உடல்நலக்குறைவால் 8ஆம் தேதி தேர்வில் கலந்துகொள்ள இயலவில்லை என்பதை மிகுந்த மனவருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். இந்தத் தேர்வுக்காக இரவு பகல் பாராமல் படித்திருந்தேன். சமையலர் ஆவது என் சிறுவயதுக் கனவு. பணியாளர்களுக்குத் தரப்பட்ட உணவு நஞ்சானதால் கடும் அவதிக்கு ஆளானேன். திங்கள் மாலை முழுமையாகக் குணமடைந்தபோதிலும் சோர்வு காரணமாக வர இயலவில்லை. பெரிய மனது வைத்து எனக்கு மறுதேர்வு வாய்ப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்."

இதை அனுப்பலாமா? குணமான பிறகும் ஏன் போகவில்லை என்று உடன் படிப்பவர்கள் கேட்கிறார்கள். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

வெந்நீர் | ஏப்ரல் 10, இரவு 10.15

கடிதம் நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. மருத்துவச் சான்றிதழ் ஒன்றை இணைத்துவிட்டால் முடிந்தது வேலை. 7ஆம் தேதி போட்டே வாங்கிவிடுங்கள், கேட்டால் தருவார்கள்.

வெண்தொப்பி | ஏப்ரல் 11, காலை 6.30

அனுப்பாதீர்கள். முன்தேதியிட்ட சான்றிதழ் பேச்சே வேண்டாம்.

சமையற்கூடத்தை நடத்தியிருக்கிறேன், இந்தத் தேர்வில் செய்முறைப் பகுதிக்கு மேற்பார்வையும் பார்த்திருக்கிறேன். இது போன்ற கடிதங்கள் வரும் மேசை எனக்குப் பழக்கமானது. நீங்கள் செய்தது சரி, எழுதியதுதான் உங்களுக்கே எதிராக நிற்கிறது. "திங்கள் மாலை முழுமையாகக் குணமடைந்தபோதிலும் சோர்வு காரணமாக வர இயலவில்லை" என்ற வரியைப் படிக்கும் தேர்வாளர் என்ன நினைப்பார்? குணமாகிவிட்டது, அலுப்பாக இருந்தது, வரவில்லை. அந்த ஒரு வரியை வைத்தே அவர் மறுத்துவிட முடியும்.

நீங்கள் எழுத வேண்டிய தேர்வு எதைப் பற்றியது? வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தவர் அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை உணவைக் கையாளக் கூடாது என்பது அதன் பாடத்திலேயே இருக்கும். அறிகுறி நின்றதோடு தொற்று நிற்பதில்லை. நோரோவைரஸ் என்றால், வயிறு சரியான பிறகும் நாள்கணக்கில் மலத்தின் வழியே வெளியேறிக்கொண்டிருக்கும். சிலருக்கு இரண்டு வாரம் தாண்டியும் போகும். மிகச் சொற்ப அளவு கிருமி போதும், அடுத்தவருக்கு நோய் வர. கைக்குத் தேய்க்கும் ஆல்கஹால் திரவம் அதற்குச் சரியாக வேலை செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் கதி.

ஆகவே செவ்வாயன்று செய்முறைத் தேர்வுக்காக நீங்கள் சமையற்கூடத்துக்குள் நுழைந்திருந்தால், எந்த விதியைக் கற்றதற்காகத் தேர்வோ அந்த விதியையே மீறியிருப்பீர்கள். கடிதத்தின் முதுகெலும்பு இதுதான். நீங்கள் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள்.

"முழுமையாகக் குணமடைந்தேன்" என்பதை எடுத்துவிட்டு, "கடைசியாக வயிற்றுப்போக்கு ஆனது திங்கள் மாலை 6 மணி" என்று மணியோடு எழுதுங்கள். முதல் வரி உங்கள் கருத்து. இரண்டாவது வரியை வைத்துத் தேர்வாளர் தாமே கணக்குப் போட்டுக்கொள்வார்.

வெந்நீர் | ஏப்ரல் 11, காலை 8.05

48 மணி நேரம் என்று எல்லா இடத்திலும் இல்லை, ஐயா. நான் வேலை பார்த்த இடத்தில் 24 மணி நேரம்தான். இன்னொன்று, எழுத்துத் தேர்வில் எந்த உணவைக் கையாள்கிறோம்? பேனாவையும் தாளையும்தானே. அதற்காவது போயிருக்கலாம். தேர்வாளர் இதைக் கேட்டால் என்ன பதில்?

வெண்தொப்பி | ஏப்ரல் 11, காலை 11.20

இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தான், ஒவ்வொன்றாக வருகிறேன்.

24 மணி நேரம் என்பதை நீங்கள் கற்பனையாகச் சொல்லவில்லை. அமெரிக்க உணவு விதித்தொகுப்பில் வெறும் வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் அறிகுறி நின்று 24 மணி நேரம். நோரோவைரஸ் என்று மருத்துவர் உறுதிசெய்துவிட்டால் 48. பிரிட்டனில் காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் 48. எந்தப் பாடத்திட்டத்தில் படித்தோமோ அதில் உள்ள எண்ணைத்தான் கடிதத்தில் எழுத வேண்டும். புதுக்கரண்டி, உங்கள் பாடப்புத்தகத்தைத் திறந்து பார்த்துச் சொல்லுங்கள்.

ஆனால் வெந்நீர், உங்கள் எண்ணையே வைத்துக் கணக்குப் போடுங்கள். திங்கள் மாலை 6 மணியிலிருந்து செவ்வாய் காலை 10 மணி வரை 16 மணி நேரம். 24 மணி விதியின்படியும் அவர் வந்திருக்கக் கூடாது. செய்முறைத் தேர்வைப் பொறுத்தவரை இதில் வாதத்துக்கே இடமில்லை.

எழுத்துத் தேர்வு விஷயத்தில் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உணவைக் கையாள்பவருக்கான விதி எழுத்துத் தேர்வை நேரடியாகத் தடுப்பதில்லை. வாந்திபேதி வந்தவர் பள்ளிக்கோ வேலைக்கோ 48 மணி நேரம் போகக் கூடாது என்ற பொதுவான அறிவுரை பல நாடுகளில் உண்டு, ஆனால் அது அறிவுரைதான். அதனால் கடிதத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடக் கூடாது. செய்முறைக்கு விதி காரணம். எழுத்துக்கு வேறு காரணம் இருந்தால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். புதுக்கரண்டி, இரண்டு தேர்வுக்கும் கழிப்பறையும் கைகழுவும் இடமும் ஒன்றுதானா?

கரியடுப்பு | ஏப்ரல் 11, மாலை 4.50

மறுதேர்வு கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தேர்வில் தோற்றவர்கள் எல்லோரும் கெட்ட சமையலர்கள் இல்லை. விடைத்தாளை மறுபடி திருத்தச் சொல்லிக் கேட்டீர்களா?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். செய்முறைத் தேர்வுக்குச் சில நாள்களுக்கு முன் இடது கை ஆள்காட்டி விரலில் கத்தி பட்டது. தேர்வன்று காலை பார்த்தால் ஓரம் சிவந்து, நடுவில் மஞ்சளாகச் சீழ் வைத்திருந்தது. தள்ளிப்போட்டால் அடுத்த தேர்வுக்கு எத்தனை மாதம் ஆகுமோ என்ற பயம். நீலப் பட்டையை ஒட்டி, மேலே கையுறை போட்டுக்கொண்டு போனேன். யாரும் கேட்கவில்லை. தேறிவிட்டேன். எல்லா நோயையும் சொல்லிக்கொண்டிருந்தால் தொழிலில் நிலைக்க முடியாது.

வெண்தொப்பி | ஏப்ரல் 11, இரவு 7.10

கரியடுப்பு, அவர் தோற்கவில்லை, தேர்வுக்கே வரவில்லை. விடைத்தாள் என்று ஒன்று இல்லை.

உங்கள் விரலைப் பற்றி. சீழ் வைத்த புண் சாதாரண வெட்டு இல்லை. அதில் பெரும்பாலும் இருப்பது ஸ்டெஃபைலோகாக்கஸ். அது உணவில் இறங்கி, உணவு வெதுவெதுப்பாக வெளியே கிடந்தால் பெருகி நஞ்சைச் சுரக்கும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் கிருமி சாகும், நஞ்சு அப்படியே இருக்கும். நீர் புகாத பட்டையால் முழுமையாக மூட முடிகிற இடம் என்றால் பொறுப்பாளரிடம் காட்டி, அவர் அனுமதித்தால் வேலை செய்யலாம். விரல் நுனியில் பட்டை நழுவும், கையுறை கிழியும். கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தர அமைப்பின் பொது நெறிகளில், பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டியவை என்று ஒரு பட்டியல் உண்டு: மஞ்சள்காமாலை, வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல், காய்ச்சலோடு தொண்டைவலி, சீழ் வைத்த புண், காது கண் மூக்கிலிருந்து ஒழுக்கு. உங்களுடையது அதில் இருக்கிறது. அன்று எதுவும் நடக்கவில்லை என்பது எனக்கும் ஆறுதல்தான். ஆனால் பயிற்சியில் இருப்பவர்கள் படிக்கும் இடத்தில் "யாரும் கேட்கவில்லை" என்பதை வழியாகக் காட்டாதீர்கள். அந்தப் பயத்தை உண்டாக்கியது அடுத்த வாய்ப்புக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கும் ஏற்பாடு. இந்தக் கடிதம் சரியாக எழுதப்பட வேண்டும் என்று நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதும் அதனால்தான்.

புதுக்கரண்டி | ஏப்ரல் 11, இரவு 10.30

எல்லோருக்கும் நன்றி. வெந்நீர் ஐயா, நான் தம்பி இல்லை, தங்கை.

புத்தகத்தில் 48 மணி நேரம் என்றுதான் இருக்கிறது. கழிப்பறை ஒன்றுதான், தேர்வறைக்கும் சமையற்கூடத்துக்கும் நடுவில் இருக்கிறது, கைகழுவும் தொட்டியும் அதை ஒட்டித்தான்.

இன்னும் சில விவரங்கள். திங்கள் காலை 7 மணிக்கே சமையற்கூடப் பொறுப்பாளருக்குத் தகவல் அனுப்பினேன். அவர் உடல்நலப் பதிவேட்டில் எழுதிக்கொண்டதாகச் சொன்னார். தேர்வு அலுவலகத்துக்குச் செவ்வாய் காலை 8 மணிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மருத்துவரைப் பார்த்தது புதன்கிழமைதான். அதற்கு முன் எழுந்து போக முடியவில்லை. திங்கள் நண்பகல் மருந்துக்கடையிலிருந்து லோபரமைடு வாங்கிவரச் சொல்லிப் போட்டுக்கொண்டேன், கடைசி மாத்திரை இரவு 9 மணிக்கு.

பணியாளர் உணவை ஞாயிறு இரவு 8 மணிக்குச் சாப்பிட்டேன். கூட வேலை பார்க்கும் ஒருவருக்கும் திங்களன்று வயிறு சரியில்லை. அதனால்தான் உணவு நஞ்சானது என்று எழுதினேன்.

வெண்தொப்பி | ஏப்ரல் 12, காலை 6.15

மாத்திரை விஷயத்தை எழுதியது நல்லதாகப் போயிற்று, கணக்கே மாறுகிறது.

லோபரமைடு நோயைத் தீர்ப்பதில்லை. குடலின் அசைவை மட்டுப்படுத்துகிறது, அவ்வளவுதான். திங்கள் மாலை 6 மணிக்கு நின்றது உடம்பா, மாத்திரையா என்று உங்களால் சொல்ல முடியாது, மருத்துவராலும் முடியாது. அதனால் சிகிச்சை நின்ற பிறகுதான் 48 மணி நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். கடைசி மாத்திரை திங்கள் இரவு 9 மணி. அப்படியானால் புதன் இரவு 9 மணி வரை நீங்கள் சமையற்கூடத்துக்கு வெளியே. அதற்குள் மறுபடி வயிற்றுப்போக்கு ஆகியிருந்தால் கணக்கு முதலிலிருந்து. தேர்வு நேரத்தில் கடைசி மாத்திரை போட்டு 13 மணி நேரம்தான் ஆகியிருந்தது. சோர்வு மட்டும்தான் என்று நீங்கள் நினைத்த அந்தக் காலையில், வயிறு அமைதியாக இருந்ததே மாத்திரையால்தானோ என்னவோ.

பலர் இதை மறைத்துவிடுவார்கள், மாத்திரை போட்டதைச் சொன்னால் சிறிய நோய் என்று நினைத்துவிடுவார்கள் என்று. உங்கள் விஷயத்தில் அது உங்களுக்குத் துணை. எழுதுங்கள்.

வெண்தொப்பி | ஏப்ரல் 12, காலை 6.50

"உணவு நஞ்சானது" என்ற வரியை எடுக்கச் சொல்கிறேன். காரணம் இருக்கிறது.

8 மணிக்குச் சாப்பிட்டு 11 மணிக்கு வாந்தி. மூன்று மணி நேரத்தில் வர வேண்டுமானால் அது உணவிலேயே முன்கூட்டி உருவாகியிருந்த நஞ்சாக இருக்க வேண்டும். மேலே கரியடுப்பின் விரலைப் பற்றி நான் சொன்ன ஸ்டெஃபைலோகாக்கஸ் நஞ்சு அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும். நோரோவைரஸ் என்றால் உள்ளே போன பிறகு அறிகுறி தெரிய 12 முதல் 48 மணி நேரம் ஆகும். அப்படியானால் ஞாயிறு இரவு உணவுக்கு அதில் பங்கே இல்லை. வெள்ளி இரவுக்கும் ஞாயிறு காலைக்கும் இடையில் எங்கோ பிடித்தது. உடன் வேலை பார்ப்பவருக்கும் வயிறு கெட்டது என்பது இரண்டுக்குமே பொருந்தும். வாந்தி எடுத்தவர் கடைசியாகச் சாப்பிட்டதைத்தான் குற்றம் சொல்வார், வெளியே வந்தது அதுதான் என்பதால். மலப் பரிசோதனையோ மீதமிருந்த உணவின் மாதிரியோ இல்லாமல் எது என்று யாரும் சொல்ல முடியாது.

தேர்வாளர் உணவுச் சுகாதாரம் கற்பிப்பவர். ஆதாரமில்லாமல் காரணத்தை முடிவுகட்டிய கடிதத்தைப் பார்த்தால், இவர் பாடத்தைப் படிக்கவில்லை என்றுதான் முதலில் தோன்றும். விதியைப் பொறுத்தவரையும் காரணம் தேவையில்லை. அறிகுறி வந்தாலே விலக வேண்டும். அறிகுறி, நேரம், இவை இரண்டும் போதும்.

கோப்பறை | ஏப்ரல் 12, பிற்பகல் 2.35

இப்படிப்பட்ட விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்கும் வேலை எனக்கு. வேறொரு தொழிற்கல்வித் தேர்வுதான், ஆனால் நடைமுறை பெரிதாக மாறாது.

அந்தப் பெண் "மறுதேர்வு" கேட்கிறார். எங்கள் பக்கம் மறுதேர்வு என்றால் ஏற்கெனவே எழுதித் தேறாதவருக்கானது. அந்த விண்ணப்பக் கட்டுக்குள் போய் விழுந்தால் ஒரு வாய்ப்பு கழிந்ததாகப் பதிவாகும். சில தேர்வுகளில் மதிப்பெண்ணுக்கு உச்சவரம்பும் வைத்துவிடுவார்கள், மறுபடி கட்டணமும் வரும். அவர் கேட்க வேண்டியது, வராததற்குத் தக்க காரணம் இருந்ததாகப் பதிந்து, முதல் வாய்ப்பாகவே வேறு நாள் தரும்படி. இரண்டும் வேறு வேறு மேசைக்குப் போகும் கடிதங்கள்.

புதன்கிழமைச் சான்றிதழைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். புதன் அன்று பார்த்தேன், ஞாயிறு இரவிலிருந்து இன்ன அறிகுறி இருந்ததாக நோயாளி சொன்னார் என்று மருத்துவர் எழுதினால், நாங்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்வோம். அதைவிடக் கனமானது அந்தப் பதிவேடு. தேர்வுக்கு முந்தைய நாளே, தேர்வோடு தொடர்பில்லாத இன்னொருவர் கையால் எழுதியது. அதன் படியை முதல் பக்கமாக இணையுங்கள்.

கால வரம்பையும் பாருங்கள். தேர்வு முடிந்து சில வேலை நாள்களுக்குள் கடிதம் வந்தால்தான் ஏற்போம் என்று நுழைவுச்சீட்டின் பின்புறமோ விதிமுறைத் தாளிலோ பெரும்பாலும் போட்டிருப்பார்கள். நல்ல காரணம் உள்ள கடிதங்கள் நாள் தாண்டித் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

வெந்நீர் | ஏப்ரல் 12, மாலை 5.20

தங்கை என்று தெரியாமல் போயிற்று அம்மா, பொறுத்துக்கொள்ளுங்கள். முன்தேதிச் சான்றிதழ் பற்றி நான் சொன்னதை விட்டுவிடுங்கள். பதிவேடு இருக்கும்போது அது தேவையில்லை.

வெண்தொப்பி | ஏப்ரல் 12, இரவு 8.40

பகல் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். கடிதத்திலிருந்து பணியாளர் உணவை எடுக்கச் சொன்னேன். ஆனால் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் வயிறு கெட்டிருக்கிறது. அதை எங்கேயும் சொல்லாமல் விடுவதும் ஆகாது. அதற்கு இடம் வேறு. சமையற்கூடப் பொறுப்பாளரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்: ஞாயிறு 8 மணிக்கு என்ன சாப்பிட்டேன், எப்போது தொடங்கியது, இன்னொருவருக்கும் இருந்தது. அந்த உணவை யார் செய்தார், எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது, செய்தவர் உடல்நிலை என்ன என்று அவர்தான் விசாரிக்க வேண்டும். உடன் வேலை பார்ப்பவர் 48 மணி நேரம் விலகி இருந்தாரா என்பதும் அவர் கேட்க வேண்டிய கேள்வி. உடன் வேலை பார்ப்பவரின் பெயரைத் தேர்வாளருக்கான கடிதத்தில் எழுதவே கூடாது. அவர் உடல்நிலை அவருடையது.

கரியடுப்பு | ஏப்ரல் 12, இரவு 11.10

உடன் வேலை பார்ப்பவர் விலகி இருந்திருக்க மாட்டார். ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. விதி எழுதியவர்கள் அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

வெண்தொப்பி | ஏப்ரல் 13, காலை 7.00

இதற்கு என்னிடம் பதில் இல்லை, நீங்கள் சொல்வது உண்மை. கூலி போகும் என்று தெரிந்தால் ஆட்கள் வாந்தியை மறைப்பார்கள். நான் பொறுப்பில் இருந்தபோது அப்படி வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாமல் கிடங்குக் கணக்கு எழுத வைக்கலாமா என்று யோசித்ததுண்டு. ஆனால் கிடங்கிலும் உணவுதான் இருக்கிறது, கழிப்பறையும் அதேதான். சம்பளத்தோடு விடுப்பு தராதவரை இது தீராது.

புதுக்கரண்டி | ஏப்ரல் 13, பிற்பகல் 3.25

பொறுப்பாளரிடம் தனியாகச் சொல்லிவிட்டேன், குறித்துக்கொண்டார். விதிமுறைத் தாளில் ஐந்து வேலை நாள்கள் என்று போட்டிருக்கிறது. செவ்வாய்க்குள் போய்ச் சேர வேண்டும். புதிய கடிதம்:

"தேர்வாளர் அவர்களுக்கு,

பொருள்: ஏப்ரல் 8 உணவுச் சுகாதாரத் தேர்வுக்கு நோயினால் வராதது, முதல் வாய்ப்பாக வேறு நாள் வேண்டுதல்.

ஏப்ரல் 8 செவ்வாய் காலை 10 மணி எழுத்துத் தேர்வுக்கும் அதைத் தொடர்ந்த செய்முறைத் தேர்வுக்கும் நான் வரவில்லை. என் பதிவு எண்ணும் பிரிவும் மேலே உள்ளன.

ஏப்ரல் 6 ஞாயிறு இரவு 11 மணிக்கு எனக்கு வாந்தியும் பிறகு வயிற்றுப்போக்கும் தொடங்கின. கடைசியாக வயிற்றுப்போக்கு ஆனது திங்கள் மாலை 6 மணி. அன்று நண்பகல் முதல் லோபரமைடு எடுத்துக்கொண்டேன்; கடைசி மாத்திரை இரவு 9 மணி. அறிகுறிகளும் சிகிச்சையும் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை உணவைக் கையாளக் கூடாது என்ற விதிப்படி, புதன் இரவு 9 மணி வரை நான் சமையற்கூடத்துக்குள் வந்திருக்கக் கூடாது.

எழுத்துத் தேர்வில் உணவைக் கையாள்வதில்லை என்பதை அறிவேன். ஆனால் செய்முறைத் தேர்வுக்குச் செல்பவர்களும் நானும் ஒரே கழிப்பறையையும் ஒரே கைகழுவும் தொட்டியையும் பயன்படுத்த வேண்டியிருந்ததால் அதற்கும் வரவில்லை.

திங்கள் காலை 7 மணிக்குச் சமையற்கூடப் பொறுப்பாளருக்கும், செவ்வாய் காலை 8 மணிக்குத் தேர்வு அலுவலகத்துக்கும் தெரிவித்தேன். உடல்நலப் பதிவேட்டுப் பக்கத்தின் படி, மின்னஞ்சலின் படி, ஏப்ரல் 9 தேதியிட்ட மருத்துவச் சான்றிதழ் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

வராததைத் தேறாமையாகப் பதியாமல், இரண்டு பகுதிகளையும் முதல் வாய்ப்பாக எழுத அடுத்த தேர்வு நாளைத் தருமாறு வேண்டுகிறேன். எந்த நாள் என்றாலும் வருவேன்."

கனவு, இரவு பகல் படிப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். வறட்டுத்தனமாக இருக்கிறதோ?

வெண்தொப்பி | ஏப்ரல் 13, மாலை 5.00

இல்லை, அம்மா. இப்போதுதான் இது சமையற்கூடத்தில் பொறுப்போடு வேலை செய்யக்கூடியவர் எழுதிய கடிதமாக இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். பதிவேட்டுப் பக்கத்தில் மற்றவர்களின் நோய் விவரமும் இருக்கும். உங்கள் வரியைத் தவிர மற்றவற்றைத் தாளால் மறைத்துப் படியெடுத்துத் தரும்படி பொறுப்பாளரைக் கேளுங்கள். இதை நீங்களாக அடிக்காதீர்கள், திருத்திய பக்கம் போலத் தெரியும். அவரே மறைத்து, ஓரத்தில் கையெழுத்திடட்டும்.

கோப்பறை | ஏப்ரல் 13, இரவு 9.15

"எந்த நாள் என்றாலும் வருவேன்" என்பதை விடாதீர்கள். நாள் குறிப்பவருக்கு அதுதான் பிடிக்கும்.

வெந்நீர் | ஏப்ரல் 14, காலை 7.45

எழுத்துத் தேர்வுப் பத்தி பலவீனம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். கழிப்பறைக்காகத் தேர்வை விடுவதா? நான் தேர்வாளராக இருந்தால் செய்முறையை மட்டும் கொடுத்துவிட்டு எழுத்தை மறுத்திருப்பேன்.

வெண்தொப்பி | ஏப்ரல் 14, காலை 9.30

மறுக்கலாம். ஆனால் அந்தப் பத்தியே இல்லாமல் இரண்டுக்கும் ஒரே காரணத்தைச் சொல்லியிருந்தால், செய்முறைக்கான காரணத்தையும் சேர்த்துச் சந்தேகப்பட்டிருப்பார்.

புதுக்கரண்டி | ஏப்ரல் 23, இரவு 8.10

14ஆம் தேதியே நேரில் கொடுத்து ரசீது வாங்கினேன். இன்று பதில் வந்தது. செய்முறைத் தேர்வு 29ஆம் தேதி, முதல் வாய்ப்பாகவே. எழுத்துத் தேர்வு பற்றித் தேர்வுக் குழு முடிவெடுக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். பதிவேட்டு வரி திங்களன்றே எழுதப்பட்டதுதான் என்று பொறுப்பாளர் தனியாக உறுதிசெய்து தர வேண்டுமாம். வெந்நீர் ஐயா சொன்னது பாதி நடந்துவிட்டது.

வெண்தொப்பி | ஏப்ரல் 23, இரவு 9.00

நியாயமான கேள்விதான். உங்கள் வரிக்கு மேலும் கீழும் உள்ள பதிவுகளின் தேதிகள் மட்டும் தெரியும்படி, பெயர்களை மறைத்து, அந்தப் பக்கத்தை மறுபடி படியெடுக்கச் சொல்லுங்கள். வரிசை நடுவில் இருக்கும் வரியைப் பின்னால் நுழைக்க முடியாது. கூடவே நீங்கள் காலை 7 மணிக்கு அனுப்பிய தகவலும் அவர் கைப்பேசியில் இருக்கும், அதையும் காட்டட்டும்.

வெந்நீர் | ஏப்ரல் 23, இரவு 9.40

எழுத்தும் கிடைத்துவிட்டால் எனக்கு மகிழ்ச்சிதான், அம்மா. 29ஆம் தேதிக்கு ஒன்று சொல்கிறேன். வெப்பமானியைக் கையில் கொடுத்தவுடன் உணவில் குத்திவிடாதீர்கள். நொறுக்கிய பனிக்கட்டியை நிறையப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, முனை அடியைத் தொடாமல் பிடித்து, 0 டிகிரி காட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு டிகிரிக்கு மேல் ஏறியோ இறங்கியோ காட்டினால், இது சரியில்லை, வேறு கொடுங்கள் என்று கேளுங்கள். வேண்டுமென்றே கெட்ட வெப்பமானியை வைக்கிறவர்களும் உண்டு.

வெண்தொப்பி | ஏப்ரல் 23, இரவு 9.55

ஆமாம், நானே வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை குத்துவதற்கு முன்னும் பின்னும் முனையைத் துடைத்துக் கிருமிநீக்கம் செய்ய மறக்காதீர்கள். பச்சை இறைச்சியில் குத்தியதை அப்படியே வெந்ததில் குத்தினால் அந்த இடத்திலேயே மதிப்பெண் போய்விடும்.